சம்பளச் சீட்டும் ஆண்டுப் படிவமும்: வால்பாறை, ஹட்டன், பேராக்

மாதச் சம்பளச் சீட்டின் அடியில், ஆண்டு தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்தம் அச்சாகியிருக்கும். வரிக்காக முதலாளி தரும் ஆண்டுப் படிவத்தோடு அதை ஒப்பிட்டால், பல நேரம் இரண்டும் ஒத்துப்போகாது. எந்த வித்தியாசம் நியாயமானது, எது தவறு என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆனால் 2025 மார்ச் சம்பளம் ஏப்ரல் 5ஆம் தேதி கைக்கு வந்ததென்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31க்குள் அது சேரவேண்டிய பணமாகிவிட்டதால், வால்பாறைத் தோட்டத்து எழுத்தருக்கு அது பழைய ஆண்டின் வருமானம். ஹட்டனில் அதே வேலை செய்பவருக்குப் புதிய ஆண்டின் வருமானம். தனிநபரின் ஊழிய வருமானத்தைக் கையில் பெற்ற நாளை வைத்தே இலங்கைச் சட்டம் கணக்கிடுகிறது. ஆகவே ஹட்டன்காரர் சீட்டில் மாதத்தின் பெயரை விட்டுவிட்டு, பணம் தந்த தேதியைப் பார்த்துக் கூட்ட வேண்டும்.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. இந்தியாவின் படிவம் 16இல் முதல் பகுதி வரித்துறையின் தளத்திலிருந்தே இறக்கப்படுவது. பிடித்த வரி அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இலங்கையின் டி.10 சான்றிதழ் முதலாளி எழுதித் தருவது. மலேசியாவின் இ.ஏ. பாரமும் அப்படியே. சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கும் வேலை இவ்விரு நாட்டாருக்கும் கூடுதல் அவசியம் என்பேன்.

பேராக்கில், ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஈப்போவில் மாதச் சம்பளக்காரர்கள். இங்கே ஆண்டு ஜனவரியில் தொடங்கும், இ.ஏ. பாரம் பிப்ரவரி முடிவதற்குள் வர வேண்டும். ஒருவருக்கு மாதம் 4,000 ரிங்கிட் சம்பளம், ஒரு மாத போனஸ், அலுவல் பயணத்துக்கு மாதம் 300 ரிங்கிட் அலவன்ஸ் என்று கொள்வோம். டிசம்பர் சீட்டின் மொத்தம் 55,600. இ.ஏ. பாரத்தின் ‘பி’ பகுதியிலோ 52,000 மட்டுமே இருக்கும். பதற வேண்டாம். அலுவல் பயண அலவன்ஸுக்கு ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு உண்டு. வித்தியாசமாக வரும் 3,600 ‘எஃப்’ பகுதியில் இருக்கும். இ.பி.எஃப். 11 விழுக்காட்டில் 5,720 வந்தால் அதுவும் சரி. அந்த 3,600 ‘பி’ பகுதிக்குள் சேர்ந்திருந்தால், வரி தேவையில்லாத பணத்துக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள்.

பி.சி.பி. வரிப் பிடித்தத்துக்கு இத்தகைய விளக்கம் கிடையாது. பன்னிரண்டு சீட்டுகளின் கூட்டுத்தொகையும் ‘டி’ பகுதியின் தொகையும் ஒரு ரிங்கிட்கூட மாறக்கூடாது. குறைந்தால் மாதம் மாதமாக ஒப்பிட்டு, விடுபட்ட மாதத்தைக் கண்டுபிடித்து, வரி வாரியத்தின் ஈ-லெஜர் கணக்கில் அது வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு நடுவில் வேலை மாறியவருக்கு இரண்டு இ.ஏ. பாரம் வரும், புதிய இடத்துச் சீட்டின் மொத்தத்தில் பழைய இடத்துச் சம்பளம் இராது.

தவறு தெரிந்தால் வரிப் படிவத்தை நிரப்பும் முன்பே அலுவலகத்தில் திருத்திய இ.ஏ. பாரம் கேளுங்கள். சீட்டுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள்.