அந்தச் சிறு சாய்வு

போசரி எம்.ஐ.டி.சி.யில் வியாழக்கிழமைதான் வார விடுமுறை. பக்கத்துக் கொட்டகைகளில் பிரஸ் மெஷின்கள் அடங்கிக் கிடக்கும். மேசை அதிராது. கர்வ் ட்ரேசரைப் போட்டு ஒரு டிரான்சிஸ்டரை நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

திரையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும். கிடையச்சில் கலெக்டர் மின்னழுத்தம், நெட்டச்சில் கலெக்டர் மின்னோட்டம். ஒவ்வொரு கோடும் செங்குத்தாகக் கிளம்பி, அரை வோல்ட்டுக்குள் முழங்கைபோல மடங்கி, பிறகு வலப்பக்கம் நீண்டு போகும். கல்லூரிப் புத்தகத்தில் அந்த நீட்சி மட்டம் பிடித்து வரைந்ததுபோல இருக்கும். திரையில் அப்படி இருக்காது. வலப்பக்கம் போகப் போக மெல்ல மேலே ஏறும். புதிதாக வந்தவர் கண்ணுக்குக் கோடு தெரியும். பழகிய கண்ணுக்கு முதலில் தெரிவது இந்த ஏற்றம்தான்.

ஏன் மட்டமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தோம்? ஏரிக் கலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கலிங்கு தாண்டி எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை ஏரிப்பக்கத்து நீர்மட்டம் தீர்மானிக்கிறது. அந்தப் பக்கம் பள்ளம் ஐந்தடியா ஐம்பதடியா என்பது கணக்கில் வராது. டிரான்சிஸ்டரும் அப்படித்தான். எமிட்டர் பக்கத்தில் பேஸ் அழுத்தம் எத்தனை எலக்ட்ரான்களை உள்ளே விடுகிறதோ அத்தனை கலெக்டருக்குப் போய்ச் சேரும். கலெக்டரில் எத்தனை வோல்ட் இருந்தால் என்ன?

இந்த 'என்ன'வுக்குப் பதில் சொன்னவர் பெல் ஆய்வுக்கூடத்து ஜேம்ஸ் ஏர்லி. ஆண்டு 1952. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையிலுள்ள சந்தியில் மின்னேந்திகள் இல்லாத ஒரு வெற்றுப் பட்டை இருக்கிறது. கலெக்டர் மின்னழுத்தம் கூடக் கூட அது அகலமாகிறது, அகலும்போது பேஸின் ஓரத்தையும் கொஞ்சம் தின்கிறது. எலக்ட்ரான்கள் கடக்கவேண்டிய பேஸ் மெலிகிறது. தூரம் குறைந்தால் சரிவு செங்குத்தாகி ஓட்டம் வேகமாகும், மின்னோட்டம் கூடும். கலிங்கு உவமையில் சொன்னால், பள்ளம் ஆழமாக ஆகக் கலிங்கின் சுவரே மெலிந்து கொடுக்கிறது. இதுதான் ஏர்லி விளைவு. (ஏர்லி என்பது மனிதரின் பெயர் என்று தெரியாமல் 'முந்திய விளைவு' என்று எழுதிவைத்த விடைத்தாளை நானே பார்த்திருக்கிறேன்.)

சாய்ந்த கோடுகளை இடப்பக்கம் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே புள்ளியில், சுழியத்துக்கு அந்தப் பக்கம், கிடையச்சைத் தொடும். சுழியத்திலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள தூரம்தான் ஏர்லி மின்னழுத்தம், VA. அதை மின்னோட்டத்தால் வகுத்தால் டிரான்சிஸ்டரின் வெளியீட்டு மின்தடை கிடைக்கும்: ro = VA / IC. சாய்வே இல்லையென்றால் அது முடிவிலி. சாய்வு இருப்பதால் அது நம் மேசைக்கு இறங்கிவந்து இத்தனை கிலோ ஓம் என்று எண்ணக்கூடியதாகிவிடுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் சாதாரண பிசி547-இல் இருக்கிறது. கடையில் அது ஏ, பி, சி என்று மூன்று தரமாக வரும். பழைய டேட்டா ஷீட்டில் 2 மில்லி ஆம்பியரில் hoe என்ற வரியைத் தேடிப்பிடியுங்கள்: ஏ-க்கு 18, பி-க்கு 30, சி-க்கு 60 மைக்ரோ சீமென்ஸ். இதைத் தலைகீழாக்கினால் வெளியீட்டு மின்தடை வரும்: 55, 33, 17 கிலோ ஓம். அதற்கு மேலேயே பெருக்கத்தின் வரி இருக்கும்: 220, 330, 600. பெருக்கம் ஏற ஏற மின்தடை இறங்குகிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 12, 11, 10 மெகா ஓம். ஏறக்குறைய ஒரே எண்!

காரணம் பேஸின் மெலிவு. மெல்லிய, லேசாக மாசூட்டிய பேஸில் எலக்ட்ரான்கள் வழியில் தொலையாமல் கடக்கும், பெருக்கம் கூடும். அதே மெலிவால், கலெக்டர் பக்கத்துப் பட்டை கொஞ்சம் அகன்றாலும் பேஸில் பெரிய பங்கு போய்விடும், சாய்வு கூடும். ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிக்கொள்கிறது சிலிக்கான். 'பெருக்கம் அதிகம், அதனால் சி தான் உசத்தி' என்று வாங்கிவருகிறவர்கள் இந்த மறு கையைப் பார்ப்பதில்லை. ட்ரேசரில் 2 மில்லி ஆம்பியரில் தொடங்கி, 5 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட்டுக்குப் போனால் ஏ-யின் கோடு 0.18 மில்லி ஆம்பியர்தான் ஏறும், சி 0.6 ஏறும். கண்ணாலேயே தரம் பிரித்துவிடலாம்.

ஒருமுறை நான் செய்த தவறையும் சொல்கிறேன். ஒரு சென்சார் போர்டுக்கு 1 மில்லி ஆம்பியர் தேவைப்பட்டது. இரண்டு பிசி547பி-யை வைத்துக் கரன்ட் மிரர் கட்டினேன். ஒன்றில் ஓடும் மின்னோட்டத்தை மற்றது அப்படியே நகலெடுக்கவேண்டும். மூலத்தின் கலெக்டரில் 0.65 வோல்ட், நகலின் கலெக்டரில் 10 வோல்ட். பி தரத்தின் VA சுமார் 67 வோல்ட். வித்தியாசமோ ஒன்பது வோல்ட்டுக்கு மேல். நகல் 14 சதவீதம் கூடவேண்டும். மீட்டரும் 1.14 காட்டியது. அங்கே நிற்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல ஊர்ந்து 1.3 தாண்டியது. பக்கத்தில் இருந்த மராத்தி நண்பர், "அண்ணா, இது நடந்து போகுதே" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். நடந்துபோனது ஏர்லி விளைவு அல்ல, சூடு. 10 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் என்றால் 10 மில்லி வாட். அந்தச் சிறு பிளாஸ்டிக் உடம்புக்கு அது இரண்டு டிகிரிச் சூடு. பேஸ் மின்னழுத்தம் மாறாமல் இருக்கையில் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்னோட்டம் சுமார் 8 சதவீதம் ஏறும். சாய்வின் பங்குக்குச் சமமாகச் சூடும் தன் பங்கைச் சேர்த்துவிட்டது. இரண்டையும் பிரித்தறிய ஒரே அடையாளம் நேரம்தான். உடனே குதிப்பது ஏர்லி, நொடிக்கணக்கில் ஊர்வது சூடு. ட்ரேசரில் போன வழியும் திரும்பிய வழியும் ஒட்டாமல் மெல்லிய கண்ணியாக விரிந்தால் அங்கேயும் சூடு புகுந்துவிட்டது என்று அர்த்தம்; அந்தச் சாய்விலிருந்து VA கணக்கிடக் கூடாது.

மருந்து எளிது. இரண்டு எமிட்டர்களிலும் ஆளுக்கு 1 கிலோ ஓம். மின்னோட்டம் கூட முயன்றால் அந்த மின்தடையில் மின்னழுத்தம் கூடி எமிட்டரை மேலே தூக்கும், பேஸ் அழுத்தம் குறையும், மின்னோட்டம் அடங்கும். வெளியீட்டு மின்தடை ஏறத்தாழ 35 மடங்காகி 67 கிலோ ஓமிலிருந்து 2.4 மெகா ஓமுக்குப் போனது. 14 சதவீதப் பிழை 0.4 ஆனது. சூட்டின் பங்கும் அதே அளவுக்குச் சுருங்கியது. விலை, வேலை செய்யும் இடத்தில் ஒரு வோல்ட்.

மாஸ்ஃபெட்டிலும் இதே சாய்வு உண்டு. அங்கே மெலிய பேஸ் இல்லை, குறுகுவது சானல். டிரெயின் மின்னழுத்தம் ஏறும்போது சானலின் டிரெயின் முனை கிள்ளப்பட்டு மறைகிறது, அந்தக் கிள்ளல் புள்ளி சோர்ஸை நோக்கிப் பின்வாங்குகிறது. மிச்சமிருக்கும் சானல் குட்டையாவதால் மின்னோட்டம் கூடுகிறது. கிள்ளலுக்கு அப்பாலும் மின்தடை முடிவிலியாகாத கதையை ரெட்டியும் சாவும் 1965இல் எழுதினார்கள். இங்கே ஒரு சுதந்திரம் இருக்கிறது. பிசி547-இன் பேஸைத் தொழிற்சாலை முடிவுசெய்துவிட்டது. சிப் வரைகிறவரோ சானலின் நீளத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம். நீளத்தை இரட்டித்தால் சாய்வு ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் அதே மின்னோட்டம் வேண்டுமென்றால் அகலத்தையும் இரட்டிக்கவேண்டும். பரப்பு நாலு மடங்கு, கேட்டின் மின்தேக்கமும் நாலு மடங்கு, வேகம் போய்விடும். மிகக் குட்டையான சானல்களில் டிரெயின் அழுத்தம் சோர்ஸ் பக்கத்துத் தடுப்பையே தாழ்த்திவிடுகிறது. கோடு நேராகவும் இருக்காது, பின்னோக்கி நீட்டினால் ஒரே புள்ளியில் சேரவும் சேராது.

என் மேசை இழுப்பறையில் ஏ தரத்துப் பொட்டலம் ஒன்று தனியாக இருக்கிறது. எமிட்டர் மின்தடைக்கு ஒரு வோல்ட்கூட விட்டுக்கொடுக்க முடியாத போர்டு வரும்போது மட்டும் அதைத் திறப்பேன்.