நடுவில் நிற்கும் தோல்

காதுத் துளை மூடிப் பிறந்த குழந்தைக்கும், பல ஆண்டுகளாகக் காதில் சீழ் வடியும் பெரியவருக்கும் கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் ஒலி உள்ளே போகும் வழிதான். ஒலியை நரம்புக்கு மாற்றித் தரும் காக்ளியா, எலும்புக்குள் பத்திரமாக, வேலை செய்யக்கூடிய நிலையிலேயே இருக்கும். வழியைச் சரிசெய்ய முடியாதபோது வேறு வழியில் ஒலியை அங்கே சேர்ப்பதுதான் எலும்புவழிக் கருவியின் வேலை.

அந்த வேறு வழி நம் எல்லோரிடமும் இருக்கிறது. நாம் பேசும்போது நம் குரலில் ஒரு பங்கு மண்டையோட்டின் வழியாகவே காக்ளியாவுக்குப் போய்ச் சேருகிறது. பதிவு செய்த நம் குரல் நமக்கே அந்நியமாக ஒலிப்பது, அந்தப் பங்கு பதிவில் இல்லாததால்தான். எலும்புவழிக் கருவியில் ஒரு மைக் ஒலியை வாங்குகிறது; உள்ளே இருக்கும் மின்சுற்று அதைப் பெருக்குகிறது; ஒலிபெருக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அதிர்வி இருக்கிறது. அது மண்டையோட்டை அசைக்க, காக்ளியாவின் திரவம் அசைகிறது. அங்குள்ள மயிரணுக்கள் வழக்கம்போல் நரம்பைத் தூண்டுகின்றன. செவிப்பறை, மூன்று சிற்றெலும்புகள், காதுத் துளை எதுவும் இதில் தேவையில்லை. துளை முழுவதும் அடைபட்டால் கேள்வி இழப்பு சுமார் 60 டெசிபலோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம்: அதற்கு மேற்பட்ட சத்தம் மண்டையோட்டைத் தானே அசைத்து உள்ளே போய்விடும்.

இந்தக் கருவிகள் இன்று பல வடிவங்களில் கிடைக்கின்றன. விளம்பரங்களைப் படித்தால் எல்லாமே சிறந்தவை. எதை மதிப்பிடும்போதும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: அதிர்விக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் தோலை இது என்ன செய்கிறது? காதுக்குப் பின்னால் இருக்கும் சில மில்லிமீட்டர் தோலும் கொழுப்பும் அதிர்வை விழுங்கிவிடும். எலும்பை நேராகத் தொடும் கருவியோடு ஒப்பிட்டால், தோலின் மேல் அழுத்தி வைக்கும் கருவி 10 முதல் 20 டெசிபல் வரை இழக்கிறது. அந்த இழப்பு ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம். உயிரெழுத்துகள் தப்பிவிடும், ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் மங்கும். "கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை" என்ற புகாரின் வேர் பல நேரம் இங்கேதான் இருக்கிறது.

இரு காதும் மூடிப் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பெரா சோதனையில் காற்றுவழி அளவு 65 டெசிபல், எலும்புவழி அளவு 10 டெசிபல் என்று வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். தாய் சாதாரணமாகப் பேசுவதில் பெரும்பகுதி அந்தக் குழந்தைக்கு எட்டவே எட்டாது. ஆனால் காக்ளியா நல்ல நிலையில் இருக்கிறது என்பதை அந்த 10 டெசிபல் சொல்கிறது. பெற்றோர் முதலில் கேட்பது "துளையைத் திறந்துவிட முடியாதா?" என்றுதான். சி.டி. ஸ்கேனைப் பார்த்து நடுக்காதின் அமைப்புக்கு 10-க்கு மதிப்பெண் போடும் ஜார்ஸ்டோர்ஃபர் முறை ஒன்று உண்டு. மதிப்பெண் நன்றாக இருந்தாலும் அந்த அறுவை சிகிச்சையை ஐந்து, ஆறு வயதுக்கு முன் செய்வதில்லை. முக நரம்பு இயல்பான பாதையை விட்டு விலகி ஓடக்கூடும். திறந்த துளை மீண்டும் சுருங்கக்கூடும். வெற்றி பெற்றாலும் கேள்வி பலருக்கு முழு இயல்புக்கு வருவதில்லை. இதற்காகக் காத்திருந்தால் மொழி வளரும் ஆண்டுகள் கடந்துபோய்விடும். என் கணிப்பில், இரு காதும் மூடிய குழந்தையின் விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு இந்தக் காத்திருப்புதான்.

அந்த வயதில் கருவியைத் தாங்கும் திருகாணியை எலும்பில் பதிக்கவும் முடியாது. மண்டையோடு மெல்லியது, மென்மையானது. தேவைப்படுவது சாஃப்ட்பேண்ட் என்னும் மீள்நாடா. தலையைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டையில் அதிர்வியைப் பொருத்தி, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின் மேல் படிய வைப்பார்கள். தோலின் இழப்பு இதில் முழுமையாக உண்டு. ஆனாலும் 10 டெசிபல் அளவில் கேட்கும் காக்ளியாவுக்கு அந்த இழப்பைத் தாங்கும் இடம் இருக்கிறது. கருவியோடு 25, 30 டெசிபல் அளவுக்குக் கேட்பது எதிர்பார்க்கக்கூடியதே. குழந்தையின் தோலும் மெல்லியது. ஒரு பக்கத்து அதிர்வு இரு காக்ளியாவையும் எட்டிவிடுவதால் ஒரு கருவியோடும் தொடங்கலாம். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிவதற்கு இரண்டு உதவும்.

நாடா சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அதிர்வியின் தட்டு முழுவதும் எலும்பின் மேல் படிந்திருக்க வேண்டும். காது மடலையோ, மடல் இருக்க வேண்டிய இடத்தில் உள்ள சதையையோ தொடக்கூடாது. கழற்றி அரை மணி நேரத்துக்குப் பிறகும் தோலில் சிவப்பு மறையவில்லை என்றால் இறுக்கம் அதிகம். கருவி விசில் அடித்தால் மைக் எதிலோ உரசுகிறது: தொப்பி, தலையணை, தாயின் தோள். படுத்திருக்கும் குழந்தைக்கு நெற்றிப் பக்கம் நகர்த்தி வைக்கலாம். மருத்துவ மதிப்பு அதிகம் இருந்தும் மலிவான பொருள் போலத் தெரிவதால் பல வீடுகளில் இது பெட்டியிலேயே கிடக்கிறது, அது வேதனையானது.

நாடாவுக்கு மாற்றாக, தோலில் ஒட்டிக்கொள்ளும் பசைப்பட்டை வந்திருக்கிறது. அழுத்தம் இல்லை, வடு இல்லை. சில நாட்களுக்கு ஒருமுறை பட்டையை மாற்றினால் போதும். எலும்புவழி அளவு 25 டெசிபலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே அது போதிய வலிமை தரும். தலையில் எண்ணெய் வைக்கும் பழக்கமும் சித்திரை மாத வியர்வையும் உள்ள நம் ஊரில் ஒட்டும் இடத்தைத் துடைத்து உலர்த்தாமல் ஒட்டினால் அது நிற்காது.

குழந்தை வளர்ந்து ஐந்து வயதைத் தாண்டியதும் தோலைக் கடக்கும் வழிகள் திறக்கின்றன. முதலாவது, தோலைத் துளைத்து வெளியே வரும் திருகாணி. டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்பதை சுவீடனின் பிரோனிமார்க் 1950-களில் கண்டார்; பற்களுக்கு உதவிய அந்த உண்மையை 1977-இல் கோத்தன்பர்க் நகரில் ஷெல்ஸ்த்ரோம் குழுவினர் காதுக்குக் கொண்டுவந்தார்கள். பாஹா என்று அறியப்படும் கருவி அதன் வழி வந்தது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளத் திருகாணி காதுக்குப் பின்னால் எலும்பில் இறங்கி, சில வாரங்கள் முதல் சில மாதங்களில் இறுகுகிறது. அதன் தலை தோலுக்கு வெளியே நிற்கிறது. கருவி அதில் சொடுக்கிக்கொள்கிறது. நடுவில் தோல் இல்லாததால் அதிர்வு இழப்பின்றிப் போகிறது. ஆனால் வாழ்நாள் முழுவதும் தோலில் ஒரு திறப்பு இருக்கும். அதைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அதன் நிலையை மருத்துவர்கள் ஹோல்கர்ஸ் அளவுகோலில் 0 முதல் 4 வரை குறிக்கிறார்கள்: 0 நலம், 1 லேசான சிவப்பு, 2 சிவப்பும் ஈரமும், 3 சதை வளர்ச்சி, 4 திருகாணியையே எடுக்க வேண்டிய தொற்று. பெரும்பாலோர் 0, 1-லேயே இருப்பார்கள். குழந்தைகளிடம் தோல் மேலே வளர்ந்து மூடுவதும், விழுந்து அடிபட்டுத் திருகாணி பிடுங்கிக்கொள்வதும் அதிகம்.

இரண்டாவது, தோலுக்குக் கீழே ஒரு காந்தம், மேலே ஒரு காந்தம் வைத்து, அதிர்வியை வெளியிலேயே விடுவது. திறப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அதிர்வு இப்போதும் தோல் வழியாகத்தான் போகிறது. நாடாவின் இழப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்க, அறுவை சிகிச்சையும் காந்த அழுத்தத்தின் வலியும் கூடுதலாகச் சேர்கின்றன. காந்தம் வலிமையானால் தோல் புண்ணாகும். வலிமை குறைந்தால் கருவி நழுவும். இதை வாங்கச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாவது, அதிர்வியையே தோலுக்குக் கீழே கொண்டுபோவது. வெளியே மைக்கும் சுருளும். மின்குறி தோலைக் கடக்கிறது, அதிர்வு கடப்பதில்லை. 2012-இல் வந்த போன்பிரிட்ஜ், அதற்குப் பிந்தைய ஓசியா ஆகியவை இந்த வகை. தோலும் மூடியிருக்கும், இழப்பும் இல்லை. விலை பல லட்சம். போன்பிரிட்ஜின் முதல் வடிவத்துக்கு எலும்பில் சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம் தேவைப்பட்டது, புதியதற்கு அதில் பாதி போதும். உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் எந்த வலிமை வரை அனுமதி என்று பார்த்தாக வேண்டும். தலைப் படத்தில் காந்தத்தைச் சுற்றி நிழல் விழும்.

சீழ் வடியும் காதில் கணக்கு சற்று மாறுகிறது. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்குக் காற்றுவழி அளவு 60, எலும்புவழி அளவு 25 என்று கொள்வோம். இடைவெளி 35 டெசிபல். சாதாரணக் கருவி அந்த 35-ஐயும் பெருக்கித் தர வேண்டும். அதற்காகக் காதை அச்சு வைத்து இறுக அடைக்க வேண்டும். அடைத்த காதில் ஈரம் தேங்கிச் சீழ் மீண்டும் வரும். சீழ் வந்தால் கருவியைக் கழற்ற வேண்டும். மாதத்தில் பாதி நாள் கேட்டு, பாதி நாள் கேட்காமல் இருப்பார். எலும்புவழிக் கருவிக்கு அந்த 35 ஒரு பொருட்டே இல்லை. அது ஈடுசெய்ய வேண்டியது 25-ஐ மட்டும்தான், காதும் காற்றோட்டமாகத் திறந்திருக்கும். இடைவெளி 30, 35 டெசிபலைத் தாண்டும்போது எலும்புவழியே மேல் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் சொல்வது இதனால்தான்.

ஆனால் இந்தக் கருவி சீழை ஆற்றாது. எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா உள்ளே இருக்கிறதா என்பதைக் காது மருத்துவர் முதலில் பார்த்து, நோயை அடக்க வேண்டும். நாட்பட்ட சீழ் காக்ளியாவையும் மெல்லக் கெடுக்கும். இன்று 25 ஆக இருக்கும் எலும்புவழி அளவு சில ஆண்டுகளில் 45 ஆகலாம். அப்போது கருவியின் உச்ச வலிமை முக்கியமாகிறது. போன்பிரிட்ஜுக்கு 45, ஓசியாவுக்கு 55 டெசிபல் வரம்பு. திருகாணியில் வலிமையான கருவியை மாட்டினால் 65 வரை போகலாம். வெளிக்கருவியை மட்டும் மாற்றினால் போதும், மறுபடி அறுவை சிகிச்சை வேண்டாம்.

வாங்கும் முன் நாடாவில் மாட்டி வீட்டில் சில நாட்கள் கேட்டுப் பார்ப்பது அவசியம். அந்தச் சோதனை ஒரு பக்கத்துக்குத்தான் நம்பத்தக்கது: நாடாவிலேயே நன்றாகக் கேட்டால் பதித்த பிறகு இன்னும் தெளிவாகக் கேட்கும், நாடாவில் மங்கலாக இருந்தால் அதை வைத்து மறுத்துவிடக்கூடாது, அந்த மங்கல் தோலுடையதாக இருக்கலாம். ஓட்டப்பயிற்சிக்கு விற்கும் எலும்புவழி ஹெட்போன் இதற்கு மாற்றல்ல. சுற்றிலும் எழும் ஒலியை வாங்கி, ஒருவரின் கேள்வி அளவுக்கு ஏற்பப் பெருக்கும் வேலையை அது செய்வதில்லை.

என் தீர்ப்பு இது. பணமும் எலும்பின் ஆழமும் இடம் கொடுத்தால், எலும்புவழி அளவு நன்றாக உள்ள இளையவர்களுக்கு, தோலுக்குக் கீழே அதிரும் கருவி. நாட்பட்ட சீழால் காக்ளியா தளர்ந்துவருபவர்களுக்கும், எம்.ஆர்.ஐ. அடிக்கடி தேவைப்படுபவர்களுக்கும், தினசரிச் சுத்தத்துக்கு மனமிருந்தால், பழைய திருகாணியே மேல். அதிர்வியை வெளியில் விடும் காந்தம் யாருக்கும் வேண்டாம். இரு காதும் மூடிப் பிறந்த குழந்தைக்கு, எந்த அறுவை சிகிச்சையைப் பற்றி யோசித்தாலும், ஆறு மாதம் முடிவதற்குள் தலையில் நாடா ஏறியிருக்க வேண்டும்.