வரவில்லை, வராது, வேண்டாம்

ஒருவர் 'உங்களைப் பிடிச்சிருக்கு' என்று சொன்னால், விருப்பமில்லை என்பதைத் தெரிவிக்க மதுரைப் பக்கம் பழகிப்போன வழிகள் சில உண்டு. மறுநாளிலிருந்து 'அண்ணே' என்று கூப்பிடத் தொடங்குவது ஒன்று. 'எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க' என்பது இன்னொன்று. போனை எடுக்காமலே விட்டுவிடுவது மூன்றாவது. இந்த மூன்றிலும் மறுப்பவர் தன் மனதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை. உறவுமுறையோ, வீடோ, மௌனமோ அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நான் எழுத வந்தது நான்காவது வழியைப் பற்றி. யார் மீதும் காதல் என்ற ஈர்ப்பு அவ்வளவாக எழாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் தம்மை விரும்புகிறவரை உட்காரவைத்து, 'குறை உங்களிடம் இல்லை, எனக்குப் பொதுவாகவே அப்படி' என்று பொறுமையாக விளக்குகிறார்கள். இந்த விளக்கம் நல்லதுதானா, எங்கே உதவுகிறது, எங்கே காலை வாருகிறது என்பதை ஒரு தோழியின் அனுபவத்தை வைத்துப் பார்க்கிறேன். அவள் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறாள். கடைக்குச் சரக்கு வந்துபோகும் லாரி ஆபீசில் வேலை பார்த்த ஒருவர், இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு ஒருநாள் தன் விருப்பத்தைச் சொன்னார். நல்ல மனிதர். அதனால்தான் அவள் 'அண்ணே' என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. வண்டியூர் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவரில், ஆள் நடமாட்டம் இருக்கும் சாயங்கால வேளையில், உட்கார்ந்து பேசினாள். அவள் சொன்னது இது: "உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்குங்க. ஆனா அந்த மாதிரி நெனப்பு எனக்குப் பொதுவா யாரு மேலயும் பெருசா வந்ததில்ல. ஸ்கூல் படிக்கிறப்ப இருந்தே அப்படித்தான். உங்ககிட்ட எந்தக் குறையும் இல்ல."

அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவால்லங்க, நான் காத்திருக்கேன்" என்றார்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. பிசகு மொழிக்குள் இருக்கிறது. தமிழில் காதல் நாம் செய்வது என்பதைவிட நமக்கு வருவது. 'எனக்குப் பசி வருது, தூக்கம் வருது, கோபம் வருது' என்பதுபோல 'காதல் வந்துருச்சு' என்கிறோம். அப்படி இருக்கும்போது 'வந்ததில்ல' என்றால், மழை வரவில்லை என்பதுபோலத்தான் கேட்பவர் காதில் விழும். இன்றைக்கு வராத மழை ஐப்பசியில் வரலாம். 'பெருசா வந்ததில்ல' என்றால் சிறிதாக வந்திருக்கிறது போலும் என்று மனம் கணக்குப் போடும். 'பொதுவா' என்றால் விதிவிலக்கு உண்டு, அந்த விலக்கு நானாகவே இருக்கலாம் என்று தோன்றும். அவள் மென்மைக்காகச் சேர்த்த ஒவ்வொரு சொல்லும் அவருக்கு நம்பிக்கையாகப் போய்ச் சேர்ந்தது.

இந்த ஊரில் அந்த நம்பிக்கைக்கு உரமும் அதிகம். மீனாட்சியம்மன் கதை எல்லாருக்கும் தெரியும். திசையெல்லாம் வென்ற தடாதகைப் பிராட்டி, தனக்கு உரியவரைக் கயிலையில் கண்ட கணத்தில் மூன்றாவது தனம் மறைந்து நாணி நிற்கிறாள். ஆண்டுதோறும் சித்திரையில் அந்தத் திருக்கல்யாணத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, 'வரவேண்டியவர் வந்தால் எல்லாம் தானாக மாறும்' என்பது கற்றுக்கொண்ட கருத்து அல்ல, ஊறிய ஒன்று. அந்தக் கதையின் அழகில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை உயிருள்ள ஒரு பெண்ணின் மனதுக்கு அளவுகோலாக வைப்பதில்தான் குறை.

மறுப்பவருக்குச் சொல் இல்லாமல் போனது இன்று நேற்றல்ல. ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று தனிப் பெயர் கொடுத்து, அதை ஏழு திணைகளில் முதலாவதாக வைத்தது தொல்காப்பியம். அங்கே ஒருவன் காமம் அறியாத இளையவளிடம் பேசுகிறான், மறுமொழி பெறாமலே தான் பேசியதில் மகிழ்கிறான். இலக்கணமே அவளுக்குப் பேச்சு வைக்கவில்லை. முத்தொள்ளாயிரத்தில் பாண்டியனைக் கண்டு ஏங்கும் பெண்கள் பேசுகிறார்கள், உலா வரும் பாண்டியன் பதில் சொல்வதில்லை. ஆண் விரும்பினாலும் பெண் விரும்பினாலும், விரும்பப்பட்டவர் வாய் திறப்பதில்லை. ஔவையைப் பற்றி ஊரில் வழங்கும் கதையோ, கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையை வேண்டி வாங்கிக்கொண்டாள் என்கிறது. 'எனக்கு அதில் நாட்டமில்லை' என்ற ஒரு வாக்கியம் செல்லுபடியாகாததால் கிழவியாக வேண்டியிருந்தது.

இது தமிழுக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. 1993இல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவரது சகாக்களும் விரும்பியவரின் கதை, மறுத்தவரின் கதை இரண்டையும் எழுதி வாங்கி ஒப்பிட்டார்கள். விரும்பி ஏமாந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் பாட்டும் படமும் வழிகாட்டி வைத்திருக்கின்றன; மறுப்பவருக்கு எந்த வழிகாட்டியும் இல்லை, அவருக்குக் குற்றவுணர்வுதான் மிஞ்சுகிறது என்று கண்டார்கள். விரும்பியவர்கள் தமக்கு நம்பிக்கை கொடுக்கப்பட்டதாக நினைத்தார்கள், மறுத்தவர்கள் தாம் கொடுக்கவே இல்லை என்று நினைத்தார்கள். தெப்பக்குளத்துச் சுவரில் நடந்தது அச்சு அசலாக இதுவே.

இனி விளக்கத்தின் நல்ல பக்கம். அது ஒப்பீட்டை நிறுத்துகிறது. 'வேறு யாராவது இருக்காங்களா', 'என் நிறமா, சம்பளமா, சாதியா' என்று ராத்திரி முழுக்கக் குடையும் கேள்விகளுக்கு அது இடம் தருவதில்லை. 'வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்ற சாக்கு இதற்கு நேர் எதிரானது. கேட்டவர் சாதியை நினைத்துப் புண்படுவார், இல்லையென்றால் அவள் வீட்டாரைச் சம்மதிக்கவைக்கப் புறப்பட்டுவிடுவார். 'அண்ணே' கொஞ்சம் பரவாயில்லை, அதில் சேதி சந்தேகமில்லாமல் போய்விடும். ஆனால் இரண்டு வருடம் பெயர் சொல்லிப் பழகியவரைத் திடீரென்று அண்ணனாக்குவதில் ஒரு பூட்டு விழும் சத்தம் கேட்கிறது. உண்மையைச் சொன்னால் பழக்கம் தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு.

இப்படி ஒரு மனநிலை உண்டா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. உளவியலாளர் டாரத்தி டென்னாவ் 1979இல் காதல் மயக்கத்தைப் பற்றி நூல் எழுதியபோது, அந்த மயக்கத்தையே அறியாத பலரையும் சந்தித்துப் பதிவு செய்தார். அவர்களுக்கு அன்பு இருந்தது, நட்பு இருந்தது, சிலருக்குக் குடும்பமும் இருந்தது. இந்த இயல்புக்கு இப்போது அரோமான்டிக் என்ற பெயர் வழங்குகிறது. ஈர்ப்பு எப்போதாவது மெலிதாக எழுந்து மறையும் மனிதர்களையும் அதன் ஓரத்தில் சேர்க்கிறார்கள். தனக்கு ஒரு பெயர் கிடைப்பது தனியாளுக்குப் பெரிய ஆறுதல். மதுரையிலேயே 2011 முதல் சிருஷ்டி மதுரை என்ற அமைப்பு பாலினம், பாலீர்ப்பு பற்றிய சொற்களைத் தமிழில் பேச முயன்றிருக்கிறது. ஆனாலும் இந்த உரையாடலில் அந்தப் பெயரை முன்னால் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். கேட்பவர் போனில் தேடிப் படித்துவிட்டு, இது தீருமா, யாரிடம் காட்டலாம் என்று வைத்தியராகிவிடுவார். அனுபவத்தைச் சொல்வதே போதும்.

தெப்பக்குளத்துப் பேச்சு பலிக்காமல் போனதற்கு இன்னொரு காரணம் பத்து நாள் கழித்துத் தெரிந்தது. அவர் போனில் கேட்டார்: "காதல் வராட்டிப் போகுது. நம்ம ஊருல எத்தன பேரு காதலிச்சுக் கல்யாணம் பண்றாங்க? பெரியவங்களை வச்சுப் பேசி முடிச்சுக்குவோமே. பிறகு தானா வரும்." இந்தக் கேள்வியை லேசில் ஒதுக்க முடியாது. மேலை நாட்டில் காதல் இல்லை என்றாலே பேச்சு முடிந்துவிடும். இங்கே பொருத்தம் பார்த்து, பெண் பார்த்து, ஒரே ஒரு மாலை பேசிவிட்டுத் தாலி கட்டிக்கொண்டு நன்றாக வாழ்கிறவர்கள் நம் பெற்றோரே. ஈர்ப்பு இல்லை என்பது இங்கே மறுப்புக்குக் காரணமாகவே எண்ணப்படுவதில்லை. தனக்கு எது எழுவதில்லை என்பதைத்தான் அவள் சொல்லியிருந்தாள். தனக்கு எது வேண்டாம் என்பதைச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு. காதல் எழாத ஒருத்தி கல்யாணத்தை விரும்பலாம், விரும்பாமலும் இருக்கலாம். அதை அவளே வாய்விட்டுச் சொன்னால்தான் எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

வெளியே பரவும் ஆபத்தும் உண்டு. மனதைத் திறந்து சொன்னது கடைத்தெருவில் 'அந்தப் பொண்ணுக்கு ஏதோ குறையாம்' என்று மாறி வீட்டுக்கு வந்து சேரலாம். ஆகவே நம்பத் தகுந்தவரிடம் மட்டுமே இந்த விளக்கம். மிரட்டுகிறவரிடம், பின்தொடர்கிறவரிடம் விளக்கவே கூடாது. 2018 பிப்ரவரியில் திருமங்கலம் அருகே, காதலை ஏற்காத ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மீது பெட்ரோல் ஊற்றித் தீ வைக்கப்பட்டது. அவள் பிழைக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் முன்னால் கனிவைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அங்கே வீட்டுக்குச் சொல்வதும் காவல் நிலையத்துக்குப் போவதும்தான் செய்ய வேண்டியவை.

இந்த விளக்கத்தைச் சாக்காகப் பயன்படுத்துவோர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 'எனக்கு யார் மேலயும் வராது' என்று சொல்லிவிட்டு ஆறு மாதத்தில் வேறொருவரோடு நிச்சயதார்த்தம் செய்துகொண்டால், அடுத்து உண்மையாகச் சொல்பவரை யாரும் நம்பப்போவதில்லை. அந்த ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லிவிடலாம், அதுவும் மரியாதையான பதில்தான்.

தோழி மறுபடியும் அவரைப் பார்த்துப் பேசினாள். இந்த முறை வரிசையை மாற்றினாள். முதலில் முடிவு, பிறகு காரணம். "உங்களைக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு விருப்பம் இல்லங்க. இப்பவும் இல்ல, பிறகும் இல்ல. பேசி முடிச்ச கல்யாணமும் வேண்டாம். நீங்க காத்திருக்க வேண்டாம். காரணம் அன்னிக்குச் சொன்னதுதான், அதுல மாத்தம் இல்ல." இந்த முறை அவள் 'வந்ததில்ல' என்று சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றாள். 'பொதுவா' என்ற சொல்லை எடுக்கவே இல்லை. 'ஃப்ரெண்டா இருப்போம்' என்று அவசரப்பட்டு ஆறுதலும் சொல்லவில்லை, அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர் என்று விட்டுவிட்டாள். பேச்சு ஐந்து நிமிடம்கூட நீளவில்லை. முதல் பேச்சைவிடச் சொற்கள் கடுமை, விளைவு மென்மை என்பது என் முடிவு.

அவர் இரண்டு மாதம் கடைப் பக்கமே வரவில்லை, சரக்குச் சீட்டை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினார். பிறகு ஒருநாள் தானே வந்தார். "கணக்கு சரியா இருக்கான்னு பாத்துருங்க" என்று சீட்டை நீட்டினார். அவள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.