பதிவேட்டில் காணாமல் போனவள்

2016 டிசம்பர் கடைசியில் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்தில் ஒரு தலித் சிறுமி காணாமல் போனாள். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, 2017 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், ஒரு கிணற்றிலிருந்து அவள் உடலை எடுத்தார்கள். இந்து அமைப்பு ஒன்றின் உள்ளூர்ப் பொறுப்பாளர் உள்ளிட்டோர் கைதானார்கள். அவள் பெயரை நான் எழுதவில்லை, சட்டம் தடுக்கிறது. அவளுக்காகத் தெருவில் இறங்கிய பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நியாயம் கேட்டார்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

கைதானவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. நான் பேச விரும்புவது இடைப்பட்ட அந்த இரண்டு வாரத்தைப் பற்றி. மகளைக் காணோம் என்று போன தாயின் புகாரைக் கடத்தலாக எடுத்துக்கொள்ளாமல், வெறும் 'காணவில்லை' என்றே காவல் நிலையம் நடத்தியது என்பதுதான் குடும்பமும் போராடியவர்களும் வைத்த முதல் குற்றச்சாட்டு. குற்றவியல் படிக்கும் மாணவிகள் கொலையிலிருந்து அல்ல, அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து தொடங்கினால் நல்லது.

விமர்சனக் குற்றவியல் என்று சொல்லப்படும் மரபு கேட்கும் கேள்வி எளிது: எது குற்றம் என்று யார் எழுதுகிறார்கள்? அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்ட் 1949இல் எழுதிய 'வெள்ளைக் காலர் குற்றம்' நூலில் 70 பெரிய நிறுவனங்களின் மீதான 980 தீர்ப்புகளை எண்ணிப் பார்த்தார். அவற்றில் குற்றவியல் நீதிமன்றங்கள் தந்தவை 158 மட்டுமே. மீதமெல்லாம் உரிமையியல் வழக்கு, ஆணையத்தின் உத்தரவு, சமரசம் என்று போய்விட்டன. தவறு செய்யவில்லை என்பதல்ல. அவர்களை விசாரிக்கும் வாசல் வேறு. அந்த நூலின் முதல் பதிப்பில் நிறுவனங்களின் பெயர்களைப் பதிப்பாளர் அச்சமே நீக்கிவிட்டது. பெயர்களோடு அது வெளிவர 1983 வரை ஆயிற்று.

இதை அரியலூரில் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 1990களின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. மின் நிலையம் வரவில்லை. உழவர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டு வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. பெரம்பலூர் திருமாந்துறையிலும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று வாங்கிய நிலம் நெடுங்காலம் சும்மா கிடந்தது. ஒரு தலைமுறையின் சோற்றில் கை வைத்த இந்தச் செயலுக்குத் தண்டனைச் சட்டத்தில் பிரிவே கிடையாது. அதே நிலத்தில் ஒருவர் முள் வெட்டினால் அத்துமீறல் வழக்குப் போட முடியும்.

இதுவரை நம் இடதுசாரித் தோழர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். சிக்கல் இதற்கு மேல்தான். அதிகாரத்தின் குற்றத்தை மட்டுமே பேசிப் பழகியவர்களுக்கு ஊருக்குள் ஏழை ஏழைக்குச் செய்யும் வன்முறை சங்கடமான விஷயம். அதைப் பேசினால் போலீசுக்குக் கூடுதல் லத்தி கொடுத்தது போலாகிவிடுமோ என்று பயம். பிரிட்டனில் 1970களில் புதிய குற்றவியலை எழுதிய ஜாக் யங்கே பின்னால் இந்தப் போக்கை 'இடது கருத்துமுதல்வாதம்' என்று கண்டித்தார். ஜான் லீயுடன் சேர்ந்து 1984இல் அவர் எழுதிய நூல்தான் இடதுசாரி யதார்த்தவாதத்தின் தொடக்கம். லண்டனில் இஸ்லிங்டன் வட்டாரத்தில் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். குற்றத்தைக் கண்டு பயப்படுவது பத்திரிகை கிளப்பிவிட்ட பீதி அல்ல, இருட்டிய பின் வெளியே போகாமல் இருக்கும் பெண்களுக்கு அது அன்றாட அனுபவம் என்பது அதில் தெரிந்தது. கருத்தில் அல்ல, கதவைத் தட்டிக் கேட்டதில் கிடைத்த உண்மை என்பதால் எனக்கு அந்த ஆய்வு பிடிக்கும்.

அவர்கள் 'குற்றச் சதுரம்' என்று ஒன்றை வரைந்தார்கள். அதன் நான்கு மூலைகள்: குற்றம் செய்தவர், பாதிக்கப்பட்டவர், அரசு, பொதுமக்கள். எந்தக் குற்றமும் இந்த நான்கின் உறவில்தான் உருவாகிறது என்றார்கள். செந்துறை வழக்கை அதில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று மூலைகளும் பொருந்திவிடும். நான்காவது மூலை இடிக்கும். போலீசைப் பொதுமக்களுக்குப் பதில் சொல்ல வைத்தால் குற்றம் குறையும் என்று லீயும் யங்கும் நம்பினார்கள். இங்கே யார் அந்தப் பொதுமக்கள்? ஊரா, சேரியா? ஊர்ப் பெரியவர்களிடம் நல்ல பேர் வாங்கும் காவல் நிலையம் சேரித் தாயின் புகாரை எப்படி எழுதும்? லண்டனில் வரைந்த சதுரத்துக்குள் சாதி இல்லை. பெண்ணும் அதில் முழுதாக இல்லை. வீட்டுக்குள் நடப்பதைக் குடும்பத்தார் நடுவில் கேட்டால் யார் சொல்வாள்? தனியே நிரப்பித் தரும் வினாத்தாளைக் கொடுத்து வடக்கு லண்டனில் அதைக் கேட்டறிந்தவர் ஜேன் மூனி, 1993இல். கேள்வி கேட்கும் முறை மாறியதும் எண்ணிக்கையும் மாறியது.

ஆக, பதிவேட்டுக்குத் திரும்புவோம். 2013 மே மாதம், காணாமல் போன குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தையைக் காணோம் என்ற புகார் வந்தாலே முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், கடத்தலாகவோ விற்பனையாகவோ இருக்கும் என்று கருதியே விசாரிக்க வேண்டும். ஆனாலும் மனு ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "தேடிப் பாருங்கம்மா, யார் கூடவாவது போயிருக்கும்" என்று அனுப்பும் பழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். அந்த ஒரு வாக்கியத்தில் பெண்ணின் நடத்தை மீதான தீர்ப்பும் அடங்கியிருக்கிறது.

இதற்குள் இன்னொரு கணக்கும் உண்டு. டெல்லி வன்கொடுமைக்குப் பின் 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 166ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பெண் மீதான குற்றத்தைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல். ஆனால் அது எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தாது. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, ஆள் கடத்தி விற்பது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சாதாரண ஆட்கடத்தல் அதில் இல்லை. ஆகவே தாய் வந்து நிற்கும் அந்த நேரத்தில் புகாரில் 'காணவில்லை' என்று இருந்தால், பதியத் தவறிய அதிகாரியை இந்தப் பிரிவு தொடாது. அவள் உடல் கிடைத்த பிறகுதான் அது என்ன குற்றம் என்று தெரியும். அப்போது பதிய மறுத்த நாள் கடந்து போயிருக்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதைவிடப் பரந்தது. கடமையைப் புறக்கணிக்கும், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத எந்த அரசு ஊழியரையும் அது தண்டிக்கலாம். ஆனால் முதலில் நிர்வாக விசாரணை நடந்து, அது பரிந்துரைத்தால் மட்டுமே வழக்கு. அந்த விசாரணையை நடத்துவதும் நிர்வாகமே. சதர்லாண்ட் நிறுவனங்களிடம் கண்ட அதே தனி வாசல் இங்கே காக்கிச் சட்டைக்கும் திறந்திருக்கிறது.

இத்தகைய வழக்குகளில் நம்மில் பலர் தூக்குத் தண்டனை கேட்கிறோம், என்கவுண்டர் செய்தியைக் கேட்டு இனிப்புக் கொடுக்கிறோம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது பதிவேட்டை எழுதிய அதே கையிடம் துப்பாக்கியையும் கொடுக்கிறது. அதைவிட, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் சிறுமிகள் பற்றி எத்தனை மனு ரசீது தரப்பட்டது, அவை எத்தனை நாளில் முதல் தகவல் அறிக்கை ஆயின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது எனக்குக் கூடுதல் பயனுள்ளதாகப் படுகிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் படிக்கும் மாணவிகள் நான்கு பேர் சேர்ந்தால் இரண்டு மாவட்டத்துக்கும் இதைச் செய்துவிடலாம்.

2024 ஜூலை முதல் தண்டனைச் சட்டம் புதுப் பெயரில் வந்திருக்கிறது. 166ஏ இப்போது 199. ஆட்கடத்தல் இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை.