குவாலிட்டி என்ற பெயரும் எட்டடி தூரமும்

பிளேஸ்டேஷன் 5-இல் வரும் பெரிய விளையாட்டுகள் பலவும் செட்டிங்ஸில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றன: குவாலிட்டி மோடா, பெர்ஃபார்மன்ஸ் மோடா? சில விளையாட்டுகளில் குவாலிட்டிக்குப் பதில் ஃபிடெலிட்டி என்றோ ரெசல்யூஷன் என்றோ இருக்கும். என்னுடைய விமர்சனம் இந்தப் பெயர்களின் மேல்தான். பூந்தமல்லியில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, குவாலிட்டின்னு எழுதியிருக்கும்போது அதை விட்டுட்டு வேற எதைப் போடுவாங்க?" நியாயமான கேள்வி. ஓட்டல் மெனுவில் 'தரமான தோசை', 'வேகமான தோசை' என்று இரண்டு இருந்தால் நாமும் முதலாவதைத்தான் கேட்போம்.

உண்மையில் அந்த மெனு கேட்பது வேறு. ஒரு நொடியில் 60 படம் வரைந்தால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட் கிடைக்கும். 30 படம் என்றால் 33.3 மில்லிசெகண்ட். கன்சோலின் சக்தி இரண்டிலும் ஒன்றுதான். இரட்டிப்பு நேரம் இருந்தால் கூடுதல் பிக்சல், கண்ணாடியிலும் தேங்கிய தண்ணீரிலும் சரியான பிரதிபலிப்பு, தெருவில் இன்னும் நாலு ஆட்கள் என்று செலவழிக்கலாம். நேரம் பாதி என்றால் அவற்றில் எதையாவது குறைக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு படமும் எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும், எத்தனை படம் வர வேண்டும் என்பதே கேள்வி. அசைவு சீராக இருப்பதும், பட்டனை அழுத்தியதும் கதாபாத்திரம் உடனே குதிப்பதும் தரம் இல்லையா என்ன?

முதலில் பிக்சல் கணக்கைப் பார்த்துவிடுவோம். சராசரி நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் எல்லை. அதைவிட நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்து தெரியும். எட்டடி தூரத்தில் இந்த எல்லை சுமார் 0.7 மில்லிமீட்டர். நண்பர் வீட்டு ஹாலில் டிவி ஒரு சுவரில், சோபா எதிர்ச்சுவரில். இடையில் எட்டடி. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுகளில் நான் பார்த்தவரை இதுதான் வழக்கமான அமைப்பு. அவருடையது 43 இன்ச் 4K டிவி. திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். அதை 1920-ஆல் வகுத்தால், அதாவது 1080p படத்தில், ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். அதுவே கண்ணின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. 4K-இல் அது கால் மில்லிமீட்டர் ஆகிறது. சோபாவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த வித்தியாசம் போய்ச் சேரவே சேராது.

இதைச் சுருக்கி ஒரு பெருக்கலாக வைத்திருக்கிறேன். டிவியின் இன்ச்சை 0.13-ஆல் பெருக்குங்கள். வருகிற விடை அடிக்கணக்கு. அந்தத் தூரத்துக்குள் உட்கார்ந்தால்தான் 1080p-ஐத் தாண்டிய பிக்சல்கள் பயன்படத் தொடங்கும். 43 இன்ச்சுக்கு ஐந்தரை அடி, 55-க்கு ஏழடி, 65-க்கு எட்டரை அடி. டேப் எடுத்து அளந்து பாருங்கள். எத்தனை அடி தள்ளி உட்காருகிறோம் என்று கண்மதிப்பாகச் சொன்னால் பெரும்பாலும் தப்பாகத்தான் வருகிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. அது அசையாத படத்துக்கானது. விளையாட்டில் பிக்சல் குறையும்போது மெல்லிய கோடுகள் தனியாகத் தெரியாமல் போவதோடு நிற்பதில்லை, அசையும்போது மினுங்கவும் செய்யும். கரண்ட் கம்பி, கம்பிவேலி, தலைமுடி, தூரத்து மரத்தின் இலைகள் இவற்றில் அந்த மினுமினுப்பு எட்டடிக்கு அப்பாலும் தெரியும். பெர்ஃபார்மன்ஸ் மோடில் குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும். ஒப்பீட்டு வீடியோக்களில் படத்தை நிறுத்தி, நான்கு மடங்கு பெரிதாக்கி, கதாபாத்திரத்தின் சட்டைத் தையலைக் காட்டுகிறார்கள். தையலை யார் பார்க்கப் போகிறார்கள்? வேலி மினுங்குகிறதா என்று ஓடவிட்டுக் காட்டினால் உபயோகமாக இருக்கும்.

பிக்சலுக்குத் தூரம் எல்லை வைக்கிறது. அசைவுக்கு அப்படி இல்லை. 30 படத்தின் தடுக்கல் 32 இன்ச் டிவியிலும் தெரியும், பத்தடியிலும் தெரியும். ஒரு தூணுக்கோ கட்டட ஓரத்துக்கோ முன்னால் நின்று, வலது கை ஸ்டிக்கைத் தள்ளிக் கேமராவை மெதுவாகச் சுற்றுங்கள். 30-இல் அந்த ஓரம் தத்தித் தத்தி நகரும், சில நேரம் இரண்டாகவும் தெரியும். 60-இல் வழுக்கிக்கொண்டு போகும். ஓஎல்இடி திரையில் பிக்சல் நொடியில் நிறம் மாறிவிடுவதால் 30-இன் தடுக்கல் இன்னும் அப்பட்டமாக இருக்கும். சாதாரண எல்சிடியில் அந்த மாற்றம் மெதுவாக நடப்பதால், லேசாக இழுபட்டு, ஓரளவு மறைந்துவிடுகிறது. விலை கூடிய டிவியில் 30 படம் மோசமாகத் தெரிவது இதனால்தான்.

இரண்டு துருவத்துக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்று காட்டிய விளையாட்டு 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்'. இன்சோம்னியாக் நிறுவனம் அதை 2021 ஜூனில் வெளியிட்டது. ஃபிடெலிட்டி, பெர்ஃபார்மன்ஸ், பெர்ஃபார்மன்ஸ் ஆர்டி என்று மூன்று மோடு. முதலாவது 30 படம், மற்ற இரண்டும் 60. மூன்றாவதில் தெளிவு கொஞ்சம் குறைந்தாலும் ஒளிக்கதிர்ப் பிரதிபலிப்பு இருக்கும். அடுத்த மாதமே ஒரு அப்டேட்டில், 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால் ஃபிடெலிட்டியை 40 படத்தில் ஓட்டலாம் என்று சேர்த்தார்கள்.

30-இலிருந்து 40, வெறும் பத்துதானே என்று தோன்றும். மில்லிசெகண்டில் பாருங்கள். 30 என்றால் 33.3, 60 என்றால் 16.7. இரண்டுக்கும் நட்டநடு 25. நொடிக்கு 40 படம் என்றால் ஒரு படத்துக்குச் சரியாக 25 மில்லிசெகண்ட். படங்களின் எண்ணிக்கையில் பாதி வழி 45 என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் பாதி வழி 40-தான். நம் கை உணர்வது இந்த நேரத்தைத்தான்.

இதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி ஏன் வேண்டும்? 60 ஹெர்ட்ஸ் டிவி 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் திரையைப் புதுப்பிக்கும். 60-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை. அரைப் புதுப்பிப்பு என்று ஒன்று கிடையாது. அதனால் ஒரு படம் ஒரு முறையும் அடுத்த படம் இரண்டு முறையும் என்று மாறி மாறி நிற்கும். 16.7, 33.3, 16.7, 33.3 என்று நொண்டும். இதைவிட ஒரே சீரான 30 மேல். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று முறை நிற்கும். நொண்டல் இல்லை. சாதாரண வகுத்தல்தான், ஆனால் மோடைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலையை டிவியே செய்துவிடுகிறது என்பது இந்த வகுத்தலில்தான் புலப்படுகிறது.

இங்கேதான் கடையில் ஏமாற இடமிருக்கிறது. ஆவடியில் ஒரு கடையில் 43 இன்ச் டிவி ஒன்றின் ஸ்டிக்கரில் 120 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அருகில் சிறிய எழுத்தில் 'மோஷன்' என்று ஒரு சொல். அந்த 120 டிவி தானாக இடைப்படங்களை ஊகித்துச் செருகும் வித்தையைக் குறிக்கிறது, பேனல் 60 ஹெர்ட்ஸ்தான். இன்னொரு வகையில் டிஎல்ஜி என்ற மூன்றெழுத்து இருக்கும். அது இரண்டிரண்டு வரிசைகளைச் சேர்த்து இயக்கி, செங்குத்துத் தெளிவைப் பாதியாக்கி 120-ஐ எட்டும் ஏற்பாடு. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் 4K-இல் 120 என்று நினைத்து வாங்கக்கூடாது.

ஸ்டிக்கரை விட்டுவிட்டுக் கன்சோலிடமே கேளுங்கள். செட்டிங்ஸில் 'Screen and Video' பகுதியில், டிவி எந்தெந்த அளவை எத்தனை ஹெர்ட்ஸில் வாங்கும் என்று காட்டும் திரை உண்டு. அதில் 2160p-க்கு நேரே 120Hz வரவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். டிவியில் எல்லா எச்டிஎம்ஐ துளையும் ஒன்றல்ல, ஒன்றிரண்டுதான் 4K 120 வாங்கும். டிவியின் மெனுவில் அந்தத் துளைக்கு உயர் அலைவரிசையைத் தனியாக ஆன் செய்ய வேண்டியிருக்கலாம். கன்சோலோடு வந்த கேபிளை எடுத்து வைத்துவிட்டுப் பழைய செட்டாப் பாக்ஸ் கேபிளைச் செருகியிருக்கலாம், இது நிறையவே நடக்கிறது. மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பேனலே 60 ஹெர்ட்ஸ்தான்.

டிவியில் கேம் மோடு போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் படத்தை மெருகேற்றும் வேலையில் டிவி எடுத்துக்கொள்ளும் தாமதம், 60 படம் மிச்சப்படுத்திய 16.7 மில்லிசெகண்டை விழுங்கிவிடும்.

நண்பரின் டிவி 60 ஹெர்ட்ஸ். எனவே அவருக்கு 40 கிடையாது, 30 அல்லது 60. எட்டடியில் கூடுதல் பிக்சல் தெரியாது. மிச்சம் இருப்பது ஒளிக்கதிர்ப் பிரதிபலிப்பு மட்டும், அதை 'பெர்ஃபார்மன்ஸ் ஆர்டி' 60-இலேயே தருகிறது. அவருக்கு மூன்றாவது மோடுதான் சரி. மெனுவில் அதன் பெயரைப் பார்த்தால், ஏதோ இரண்டும் கெட்டான் சமரசம் மாதிரி இருக்கும். 2023-இல் வந்த 'ஸ்பைடர்-மேன் 2'-இல் இதே நிறுவனம் 60 பட மோடிலும் பிரதிபலிப்பை வைத்தே கொடுத்தது. அப்போது நம் ஃபிளாட் தூரத்தில் குவாலிட்டிக்கான வாதம் இன்னும் சுருங்குகிறது.

குவாலிட்டியை நான் முழுசாகத் தள்ளவில்லை. வேகமே தேவைப்படாத, நின்று சுற்றிப் பார்க்கிற, கதை கேட்கிற விளையாட்டில் 30 எனக்குச் சம்மதம். பெர்ஃபார்மன்ஸ் மோடு 60-ஐப் பிடிக்க முடியாமல் அடிக்கடி வழுக்கும் விளையாட்டிலும் அப்படித்தான். ஒரு படம் 16.7-க்குப் பதில் 18 மில்லிசெகண்ட் எடுத்தால், சாதாரண டிவியில் அது அடுத்த புதுப்பிப்புக்காகக் காத்து, முந்தைய படமே 33.3 வரை திரையில் நிற்கும். நொடிக்கு நாலைந்து தடவை இப்படி ஆனால் சீரான 30-ஐவிட எரிச்சல். புதுப்பிப்பு வேகத்தைக் கன்சோலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதி 2022 ஏப்ரலில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அது இந்த நொண்டலைச் சரிசெய்யும், ஆனால் அதற்கும் அந்த விலை கூடிய டிவிதான் வேண்டும். அது இல்லாதவர், மோடைத் தேர்ந்தெடுக்கும் முன் கூட்டம் நிறைந்த சண்டைக் காட்சி ஒன்றில் கேமராவைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. வெறும் வராந்தாவில் நின்று சோதித்தால் எல்லா விளையாட்டும் 60-தான்.

2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை அறிமுகப்படுத்தியபோது, தேர்ந்தெடுக்கச் சொன்னால் முக்கால்வாசித் தடவை ஆட்டக்காரர்கள் பெர்ஃபார்மன்ஸைத்தான் எடுக்கிறார்கள் என்று மார்க் செர்னி சொன்னார். இந்தத் தேர்வே வேண்டாம் என்பதுதான் அந்தக் கன்சோலின் விளம்பரம். நவம்பரில் மற்ற நாடுகளில் வந்தபோது இந்தியாவில் அது வரவில்லை. அதிலுள்ள வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததே காரணம் என்று சோனி சொன்னது. நம் மெனுவில் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. கன்சோலின் பொது செட்டிங்ஸில் 'Game Presets' என்ற இடத்தில் 'Performance Mode' என்று ஒருமுறை போட்டுவிட்டால், அதை மதிக்கும் விளையாட்டுகள் முதல் தடவை அதிலேயே திறக்கும். நண்பருடைய கன்சோலில் அதைப் போட்டுவைத்தேன். டேப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், அவர் மாமனார் வீட்டில் 65 இன்ச் இருக்கிறதாம்.