ஊதி அணைத்த தீக்குச்சி

நீண்ட வீடியோவில் பகுதி மாறும் இடத்தில்தான் பார்ப்பவர் நழுவுகிறார். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) அதை எப்படிக் கடக்கிறது, பாருங்கள். கெய்ரோ அறையில் டிரைடன் என்ற அதிகாரி, பாலைவனம் சாமானியருக்கு எரியும் உலை என்கிறார். லாரன்ஸோ வேடிக்கையாக இருக்கும் என்கிறான். யார் சொன்னது சரி? கேள்வி தொங்கும்போதே லாரன்ஸ் கையில் எரியும் தீக்குச்சியை ஊதுகிறான். சட்டென்று சிவந்த அடிவானம், மெல்ல எழும் சூரியன்.

திரைக்கதையில் அங்கே காட்சி கரைந்து மாற வேண்டும். எடிட்டர் ஆன் கோட்ஸும் இயக்குநர் டேவிட் லீனும் நேர்வெட்டாகவே விட்டார்கள். சுடரின் நிறத்தையே வானமும் ஏந்துவதால் கண் தடுமாறுவதில்லை. ஆனால் நிறம் மட்டும் போதாது. முந்தைய பேச்சை எடுத்துவிட்டால் இது வெறும் வித்தைதான்.