1472 என்ற மந்திர எண்: ஒரு விமர்சனக் குறிப்பு

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நின்றுவிடுகின்றன என்று யாராவது புலம்பினால், உடனே ஒரு வைத்தியம் சொல்லப்படும். 1472 பைட்டில் பிங் அடித்துப் பாருங்க, போகலைன்னா குறைச்சுக்கிட்டே வாங்க, போற எண்ணை எடுத்து எம்.டி.யு.ன்னு போட்டுடுங்க, அவ்வளவுதான். இந்த வைத்தியம் பல நேரம் வேலை செய்கிறது. என் குறை வேறு. இது பிங்கை வெறும் அளவுகோலாகப் பார்க்கிறது. போகாத பிங் என்ன சொல்லிவிட்டுத் தோற்றது என்பதைக் கேட்பதே இல்லை. நோயின் மூலம் அங்கேதான் தெரியும்.

முதலில் கணக்கு. எம்.டி.யு. என்பது ஓர் இணைப்பு ஒரே தடவையில் ஏற்றிச் செல்லக்கூடிய மிகப்பெரிய ஐ.பி. பாக்கெட்டின் அளவு. ஈதர்நெட்டில் அது 1500. பிங் கட்டளையில் நாம் கொடுக்கும் எண்ணோ உள்ளே இருக்கும் சரக்கின் அளவு மட்டும்தான். அதன் மேல் ஐ.பி. தலைப்பு 20 பைட், ஐ.சி.எம்.பி. தலைப்பு 8 பைட், ஆக 28 சேரும். 1472 ஏன் என்றால் 1500 கழித்தல் 28, வேறு ரகசியம் எதுவும் இல்லை. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து டயல் செய்கிற பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பு 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் எம்.டி.யு. 1492 ஆகிறது, பிங் 1464 வரை போகும். இந்த 28-ஐக் கூட்டாமல் 1464 என்றே ரவுட்டரில் எழுதிவிடுகிறவர்கள் நிறைய. அதனால் இணைப்பு கெட்டுப்போகாது, ஒவ்வொரு பாக்கெட்டிலும் 28 பைட் வீணாகும், அவ்வளவே.

கட்டளை இதுதான். முதல் வரி விண்டோஸுக்கு, இரண்டாவது லினக்ஸுக்கு. இரண்டிலும் "இதை உடைக்காதே" என்ற கொடி சேர்ந்தே போகிறது.

```
ping -f -l 1472 1.1.1.1
ping -M do -s 1472 1.1.1.1
```

விண்டோஸில் தோல்வி மூன்று விதமாக வரும். `Reply from 192.168.1.1: Packet needs to be fragmented but DF set.` என்று முகவரியோடு வந்தால், அந்த முகவரியில் இருக்கும் ரவுட்டர் "எனக்கு அடுத்த இணைப்பு சிறியது" என்று வாய் திறந்து சொல்கிறது. முகவரி இல்லாமல் அதே வாசகம் மட்டும் வந்தால், பேசுவது உங்கள் கணினியே. முந்தைய பதிலை அது நினைவில் வைத்திருக்கிறது, அல்லது அதன் சொந்த எம்.டி.யு.வே சிறியது. மூன்றாவது `Request timed out.` இது மௌனம். பாக்கெட்டோ அதற்கான பதிலோ வழியில் எங்கோ விழுந்தது, யாரும் தகவல் சொல்லவில்லை. முதல் இரண்டும் ஆரோக்கியத்தின் அடையாளம். மூன்றாவதுதான் தளங்களைத் தொங்கவைக்கிற ஆள்.

ஏன் என்றால், 1990-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1191 முழுக்க அந்தத் தகவலை நம்பியே கட்டப்பட்டது. அனுப்புகிறவர் பெரிய பாக்கெட்டை அனுப்புவார், சிறிய இணைப்பில் நிற்கும் ரவுட்டர் அதைத் தள்ளிவிட்டுச் சேதி சொல்லும், அனுப்புகிறவர் அளவைக் குறைத்துக்கொள்வார். சேதி வராவிட்டால்? அவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார். பாதுகாப்பு என்ற பெயரில் ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைக்கும் ஃபயர்வால் அந்தச் சேதியை விழுங்கும். நடுவில் இருக்கும் சுவிட்சோ சேதி சொல்லவே தெரியாதது. தன் அளவுக்கு மீறியதைக் கீழே போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். 2000-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2923 இதைக் கருந்துளை என்றே அழைத்தது.

நான் பார்த்த ஒரு வீட்டு இணைப்பைச் சொல்கிறேன். சிறிய உள்ளூர் நிறுவனம், பி.பி.பி.ஓ.ஈ. டயல். தேடலும் வீடியோவும் நன்றாக ஓடின. ஒரு வங்கித் தளமும் ஒரு அரசு விண்ணப்பத் தளமும் சுற்றிக்கொண்டே நின்றன. 1472-க்கு வீட்டு ரவுட்டரே முகவரியோடு பதில் சொன்னது, அது சரியான நடத்தை. வழக்கமான வைத்தியர் இங்கேயே "பி.பி.பி.ஓ.ஈ., 1492, முடிஞ்சுது"ன்னு எழுந்துவிடுவார். ஆனால் போகவேண்டிய 1464-க்கு மௌனம். 1400 போனது. பிறகு பாதி பாதியாகப் பிரித்துத் தேடினேன்: 1432 போனது, 1448, 1440, 1436, 1434, 1433 எல்லாம் மௌனம். தற்செயலான இழப்பு இல்லை என்று உறுதிசெய்ய 1432-யும் 1433-யும் பத்துப் பத்துத் தடவை அடித்தேன். முன்னதற்குப் பத்தும் வந்தன, பின்னதற்கு ஒன்றுகூட இல்லை. 1432 கூட்டல் 28, பாதையின் உண்மையான அளவு 1460.

அப்படியானால் வீடியோ எப்படி ஓடியது? பெரிய தளங்கள் பலவும் இன்று க்விக் நெறிமுறையில் பேசுகின்றன. அது சுமார் 1200 பைட்டில் தொடங்கி, பெரிய அளவு போகிறதா என்று தானே சோதித்துப் பார்த்துத்தான் ஏறும். பழைய டி.சி.பி. தளம் அப்படிச் செய்வதில்லை. கைகுலுக்கல் பாக்கெட்டுகள் சிறியவை, தாண்டிவிடும். அடுத்து வரும் பாதுகாப்புச் சான்றிதழ் பெரியது, விழுந்துவிடும். "சில தளம் மட்டும்" என்ற மர்மம் இவ்வளவுதான்.

தீர்வை எங்கே வைப்பது என்பதிலும் வைத்தியம் தவறுகிறது. கணினியில் எம்.டி.யு.வைக் குறைத்தால் ஏன் குணமாகிறது? இணைப்பு தொடங்கும்போதே "எனக்கு இவ்வளவுக்கு மேல் அனுப்பாதே" என்று எதிர்முனைக்குச் சொல்லும் எம்.எஸ்.எஸ். எண்ணும் கூடவே குறைவதால். ஆனால் குணமாவது அந்த ஒரு கணினி மட்டும். வீட்டிலுள்ள கைபேசிகள் அப்படியே தொங்கும். ரவுட்டரின் வெளிப்பக்க எம்.டி.யு.வை 1460 ஆக்கினேன். பல ரவுட்டர்கள் தம் வழியே போகும் எம்.எஸ்.எஸ்.ஸை அதற்கேற்பத் திருத்திவிடும், இதுவும் திருத்தியது. 1460-இல் தலைப்புகளுக்கு 40 போக 1420. வங்கித் தளம் உடனே திறந்தது, கைபேசியிலும். லினக்ஸ் ரவுட்டர் என்றால் அந்தத் திருத்தத்தை நாமே எழுதலாம்:

```
iptables -t mangle -A FORWARD -p tcp \
  --tcp-flags SYN,RST SYN \
  -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. சில சர்வர்கள் பெரிய பிங்குக்குப் பதிலே தராது, சில பதிலைக் கத்தரித்து அனுப்பும். ஆகவே ஒரே முகவரியை நம்பாதீங்க, இரண்டு மூன்றில் அதே எண் வருகிறதா பாருங்க. பதில் பாக்கெட்டில் "உடைக்காதே" கொடி இருக்குமா என்பது எதிர்முனையின் விருப்பம், அதனால் வரும் வழியை பிங் முழுதாகச் சோதிப்பதில்லை. எம்.எஸ்.எஸ். திருத்தம் டி.சி.பி.க்கு மட்டுமே, வி.பி.என். சுரங்கத்துக்கு அதன் எம்.டி.யு.வைத் தனியாகக் குறைக்க வேண்டும்.

இணைப்பு நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது "சில தளம் வரலை"ன்னு எழுதினால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "1432 போகிறது, 1433 சேதியில்லாமல் விழுகிறது, உங்கள் பாதையின் அளவு 1460" என்று எழுதிப் பாருங்கள். எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.